மலைமேல் ஒரு கேமிங் கணினி: பிராண்டட் வாங்குவதா, பாகங்களாக வாங்கிப் பூட்டுவதா?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறோம். தம்பிக்குக் கேமிங் கணினி வாங்க வேண்டும். பிராண்டட் டெஸ்க்டாப் ஒன்று பார்த்தோம்: கோர் ஐ5-14400எஃப், 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 5060, 500 வாட் எஸ்எம்பிஎஸ், ஒரு வருட ஆன்சைட் வாரண்டி. சேலத்தில் ஒரு கடையில் ரைசன் 5 7600, பி650 போர்டு, அதே கார்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். விலை ஏறக்குறைய ஒன்றுதான். மலையில் இருப்பவர்களுக்கு எது சரி? இரண்டு மூன்று வருடம் கழித்துப் பெரிய கார்டு போட முடியுமா?

பதில்:

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இன்றைய விளையாட்டுகளில் இந்த இரண்டு கணினிகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் ஒரே கிராபிக்ஸ் கார்டு. பிராசசர்களும் ஒரே தரம். ஆகவே முதல் ஆண்டை வைத்து முடிவெடுக்க முடியாது. மூன்றாம் ஆண்டில் கார்டை மாற்றும்போதும், இடையில் ஏதாவது ஒரு பாகம் பழுதாகும்போதும்தான் இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்று தெரியவரும்.

கார்டு மாற்றுவதை முதலில் கணக்காகப் பார்ப்போம். ஆர்டிஎக்ஸ் 5060 உச்சத்தில் இழுப்பது 145 வாட். அதற்கு மேல்படியில் உள்ள 5070 இழுப்பது 250 வாட். இரண்டு மூன்று வருடம் கழித்து என்ன கார்டு வரும் என்பது வேறு விஷயம். ஆனால் தம்பி நினைக்கும் பெரிய கார்டு ஏறக்குறைய இந்த 250 வாட் வகுப்பில்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராண்டட் கணினியில் உள்ள ஐ5-14400எஃப், பெட்டியில் 65 வாட் என்று போட்டிருந்தாலும், முழு வேகத்தில் ஓடும்போது 148 வாட் வரை போக இன்டெல் அனுமதிக்கிறது. மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறிகள் எல்லாவற்றுக்கும் ஒரு 60 வாட் சேர்த்தால் மொத்தம் 460 வாட்டை நெருங்குகிறது. விளையாட்டின்போது பிராசசரும் கார்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவது அரிது என்பது உண்மைதான். ஆனால் இக்காலக் கார்டுகள் கண் இமைக்கும் நேரத்துக்குத் தங்கள் அளவைத் தாண்டி மின்சாரத்தை இழுக்கும். 500 வாட் எஸ்எம்பிஎஸ் அந்த இடத்தில் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடலாம். திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராமல், விளையாட்டின் பரபரப்பான கட்டத்தில் மட்டும் கணினி சட்டென்று அணைந்து மீண்டும் எழுந்தால், அது பெரும்பாலும் இந்தக் கோளாறுதான். 5070 கார்டுக்கு என்விடியாவே 650 வாட் எஸ்எம்பிஎஸ் கேட்கிறது.

“எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிக்கொண்டால் போயிற்று” என்று தோன்றும். பாகங்களாக வாங்கிய கணினியில் அப்படித்தான். ஒரு மணி நேர வேலை. பிராண்டட் கணினியில் அது நடக்குமா என்பதைப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் சொல்ல முடியாது. கடையில் தனியாகக் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றிலும் மதர்போர்டுக்குப் போகும் பெரிய இணைப்பு 24 பின் கொண்டது. பெரிய நிறுவனங்கள் பல, தங்கள் டெஸ்க்டாப்களில் அதை விட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த பின்கள் கொண்ட சொந்த இணைப்பை வைக்கின்றன. அப்படிப்பட்ட போர்டில் வெளிச்சந்தை எஸ்எம்பிஎஸ் நேரடியாகப் பொருந்தாது. இடையில் போடும் மாற்றுக் கேபிள்கள் இணையத்தில் கிடைக்கின்றன; பின் வரிசை ஒன்று தப்பினாலும் போர்டு போய்விடும் என்பதால் நான் அவற்றை யாருக்கும் போட்டுத் தருவதில்லை.

சரி, போர்டையும் மாற்றுவோம் என்றால் அடுத்த முட்டுக்கட்டை வருகிறது. இத்தகைய கேபினட்களில் போர்டின் பின்பக்க யூஎஸ்பி வாய்களுக்கான துளைகள் கேபினட் தகட்டிலேயே வெட்டப்பட்டிருக்கும். வேறு போர்டின் வாய்கள் அந்தத் துளைகளுக்கு நேராக வராது. திருகு இடங்களும் சில மாடல்களில் பொதுவான அளவில் இருக்காது. முன்பக்கப் பவர் பட்டனின் ஒயர்கூட அந்த நிறுவனத்துக்கே உரிய இணைப்பில் முடியும். ஆக, கார்டை மாற்றப் போய் எஸ்எம்பிஎஸ், அதனால் போர்டு, அதனால் கேபினட் என்று மூன்றையும் மாற்ற நேரும். கூடவே, கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் அந்த மதர்போர்டோடு கட்டப்பட்டது; நிறுவனத்தின் போர்டு வெளியே போனால் உரிமமும் போய்விடும். மிஞ்சுவது பிராசசர், ரேம், எஸ்எஸ்டி மட்டும்.

எல்லாப் பிராண்டட் கணினியும் இப்படி என்று நான் சொல்லவில்லை. சந்தையில் கிடைக்கும் அதே போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் போட்டு விற்கும் நிறுவனங்களும் உண்டு. அதனால் கடையில் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலை நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிப் படத்தைப் பாருங்கள். போர்டின் ஓரத்தில், ரேமுக்குப் பக்கத்தில், இரண்டு வரிசையாக 24 பின் உள்ள நீளமான இணைப்பு இருக்கிறதா? பின்பக்க வாய்களைச் சுற்றி உள்ள தகடு தனியாகக் கழல்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் மேலே சொன்ன சங்கிலி உங்களுக்கு இல்லை. அப்படியே ரேம் எத்தனை துண்டு என்றும் பாருங்கள். 16 ஜிபி என்று எழுதியிருந்தாலும் பலவற்றில் ஒரே துண்டாகப் போட்டிருப்பார்கள். எட்டு எட்டாக இரண்டு துண்டு இருந்தால்தான் பிராசசருக்கு ரேமின் முழு அகலப் பாதை கிடைக்கும். ஒரே துண்டில் சில விளையாட்டுகள் திக்கித் திக்கி ஓடும்.

பிராசசர் பக்கமும் ஒரு வார்த்தை. 14400எஃப் பொருந்தியிருக்கும் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் இன்டெல்லின் 12, 13, 14-ஆம் தலைமுறைகள் வந்தன. 2024-இல் வந்த அடுத்த வரிசைக்கு வேறு சாக்கெட். அதாவது அந்தப் போர்டு தன் பாதையின் முடிவில் நிற்கிறது. ரைசன் 7600 பொருந்தும் ஏஎம்5 சாக்கெட் 2022-இல் வந்தது; 2027 வரையாவது அதற்குப் புதிய பிராசசர்கள் தருவதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இதே நிறுவனத்தின் முந்தைய ஏஎம்4 சாக்கெட்டில், 2017-இல் வாங்கிய பல போர்டுகளுக்கு பயாஸ் மேம்படுத்திய பிறகு, 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி பிராசசர் பொருந்தியது. ஐந்து வருடப் பழைய போர்டில் அன்றைய மிக வேகமான கேமிங் பிராசசர்களில் ஒன்று! இன்று 7600, மூன்று வருடம் கழித்து எக்ஸ்3டி வகைப் பிராசசர் ஒன்று என்று தம்பி திட்டம் போட முடியும். அவருடைய 7600 உச்சத்தில் 88 வாட்தான் இழுக்கும் என்பதால், 250 வாட் கார்டு போட்டாலும் 650 வாட் எஸ்எம்பிஎஸ் மூச்சுத் திணறாது.

இனி வாரண்டி. மலையில் இருப்பவர்களுக்கு இதுதான் கனமான பகுதி. இதில் பிராண்டட் பக்கமும் உண்மையான பலம் இருக்கிறது.

பிராண்டட் கணினியில் எது பழுதானாலும் ஒரே தொலைபேசி எண். எந்தப் பாகம் பழுது என்று கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. ஆன்சைட் என்றால் ஆள் வீட்டுக்கு வர வேண்டும். ஆனால் அந்த ஆன்சைட் உங்கள் வீட்டுக்கு உண்டா என்பது பின்கோடைப் பொறுத்தது. நிறுவனங்கள் சர்வீஸ் எல்லைக்குள் உள்ள ஊர்களைப் பின்கோடு வாரியாக வைத்திருக்கும். சேலம் நகரத்துக்கு அடுத்த நாள் வருவார்கள் என்பதால் நாகலூருக்கும் அப்படியே என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாங்குவதற்கு முன்பே வாடிக்கையாளர் சேவைக்கு உங்கள் பின்கோடைக் கொடுத்து, வருவார்களா அல்லது சேலத்துக்குத் தூக்கி வரச் சொல்வார்களா என்று மின்னஞ்சலில் பதில் வாங்கி வையுங்கள். தூக்கி வர வேண்டும் என்றால் நீங்கள் காசு கொடுத்த ஆன்சைட்டின் பொருளே போய்விடுகிறது. ஒரு வருடத்துக்கு மேல் வேண்டுமானால் நீட்டிப்புப் பொதி வாங்கலாம். பெரும்பாலும் முதல் வாரண்டி முடிவதற்குள் வாங்கிவிட வேண்டும். மூன்று வருடத்துக்கு நீட்டிக்க ஆகும் தொகையைப் பிராண்டட் விலையோடு சேர்த்து ஒப்பிடுங்கள். நியாயமாக, பாகங்கள் பக்கம் விண்டோஸ் விலையையும் சேர்க்க வேண்டும்.

பாகங்களாக வாங்கினால் வாரண்டி நீளமானது. பெட்டியில் அடைத்து விற்கும் பிராசசருக்கு 3 வருடம். மதர்போர்டுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் பொதுவாக 3 வருடம். எஸ்எஸ்டிக்கு 3 அல்லது 5. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 5 முதல் 10. ரேமுக்கு அதைவிட நீளம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கதவைத் தட்ட வேண்டும். கதவைத் தட்டுவதற்கு முன்பே எந்தப் பாகம் போயிற்று என்று நீங்கள் கண்டுபிடித்திருக்க வேண்டும். உதிரிப் பாகங்கள் பரிசோதித்துப் பார்க்கக் கையில் இல்லாத வீட்டில் இது லேசான காரியமில்லை.

இதற்கு இரண்டு ஏற்பாடு செய்யலாம். ஒன்று, எல்லாப் பாகங்களையும் ஒரே கடையில், ஒரே ஜிஎஸ்டி பில்லில், ஒவ்வொன்றின் சீரியல் எண்ணோடு வாங்குவது. இணையத்தில் ஒன்று, சென்னை ரிச்சி தெருவில் ஒன்று, பெங்களூரில் ஒன்று என்று சேர்த்தால் சில ஆயிரம் மிச்சமாகலாம்; பழுது வந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவர் பாகத்தின் மேல் கைகாட்டுவார்கள். ஒரே கடையில் வாங்கினால் பெட்டியை அங்கேயே கொண்டுபோய் வைத்து, “எது போயிற்று என்று பாருங்கள்” என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஆறு மாதம் கழித்துப் பழுது பார்த்துத் தரக் கட்டணம் எவ்வளவு, வாரண்டிக்கு அனுப்புவது கடையா நீங்களா என்பதைப் பில் போடும்போதே பேசிக்கொள்ளுங்கள். இன்னொன்று, மதர்போர்டு தேர்வு. ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் உள்ள பி650 போர்டைக் கேளுங்கள். கணினி எழும்பாமல் நின்றால், எந்த இடத்தில் நின்றதோ அந்த விளக்கு எரியும். தொலைபேசியில் “விஜிஏ விளக்கு எரிகிறது” என்று சொன்னாலே கடைக்காரருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

உங்கள் இரண்டு பட்டியலுக்கும் இடையில் இன்னொரு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. 14400எஃப் என்பதில் உள்ள அந்த எஃப், உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்பதைக் குறிக்கிறது. கிராபிக்ஸ் கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போனால், அது திரும்பும்வரை அந்தக் கணினியில் திரையே வராது. 7600 பிராசசரின் உள்ளே சிறிய கிராபிக்ஸ் இருக்கிறது. கார்டைக் கழற்றி அனுப்பிவிட்டு, மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகினால் படிப்பு, இணையம், வீடியோ எல்லாம் ஓடும். கார்டு வெளியூர் போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகலாம் என்ற நிலையில் இது சின்ன விஷயம் இல்லை. கடைக்காரர் விலை குறைத்துத் தருவதாகச் சொல்லி 7600-க்குப் பதில் 7500எஃப் கொடுக்க முன்வந்தால் இந்தக் காரணத்துக்காகவே மறுத்துவிடுங்கள்.

பிராசசர் பெட்டியில் வருகிறதா, வெறும் தட்டிலிருந்து எடுத்துத் தருகிறார்களா என்பதையும் கவனியுங்கள். டிரே என்று சொல்லும் அந்தத் தட்டுப் பிராசசர் சற்று மலிவு. ஆனால் அதற்கு உற்பத்தி நிறுவனம் உங்களிடம் நேரடியாகப் பொறுப்பேற்காது, விற்றவர்தான் பொறுப்பு. இதன் அருமை 2024-இல் தெரிந்தது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறையில் வேகமான சில மாடல்கள் நாளடைவில் பழுதாகின்றன என்று தெரியவந்தபோது, பெட்டியில் வாங்கியவர்களுக்கு வாரண்டியை இன்னும் 2 வருடம் நீட்டி, 5 வருடமாக்கியது இன்டெல். அவர்கள் நேரடியாக இன்டெல்லை அணுகலாம். பிராண்டட் கணினிக்குள் வாங்கியவர்களைக் கணினி நிறுவனத்திடம் போகச் சொன்னது. உங்கள் 14400எஃப் அந்தப் பட்டியலில் இல்லை, பயப்பட வேண்டாம். யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பதைப் பில்தான் தீர்மானிக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

பூட்டும்போது தம்பி கடையில் உடனிருக்கட்டும். பிராசசரின் மேல் தகட்டில் உள்ள எண்ணைக் கூலர் வைப்பதற்கு முன்பே படம் எடுக்க வேண்டும். வைத்த பிறகு பசை மூடிவிடும். கார்டு, போர்டு, எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர்களையும் படம் எடுத்து, பில்லில் உள்ள எண்களோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். போர்டின் சாக்கெட் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். பிராசசர் பொருத்தியதும் அதைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். கேட்டு வாங்கிப் பெட்டியில் வையுங்கள். ஏஎம்5-இல் மெல்லிய பின்கள் போர்டின் பக்கம் இருப்பதால், பிராசசர் இல்லாத போர்டை அந்த மூடியில்லாமல் வாரண்டிக்கு அனுப்பினால் வழியில் ஒரு பின் வளைந்தாலும் உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடையாது.

இடியும் மின்னலும் சேர்ந்து வரும் கோடை மழை, ஐப்பசி மழை இரண்டையும் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். மின்னழுத்தம் எகிறிப் பாகம் கருகியிருந்தால் பிராண்டட், தனிப்பாகம் எதிலும் வாரண்டி இல்லை. எனவே யூபிஎஸ் செலவைப் பட்டியலில் சேர்த்தே ஆக வேண்டும். வீடுகளில் சாதாரணமாக வைத்திருக்கும் 600 விஏ யூபிஎஸ் ஏறக்குறைய 360 வாட்தான் தாங்கும். கணினி விளையாட்டில் இழுக்கும் 300 வாட், அதற்கு மேல் மானிட்டர் என்றால் கரண்ட் போன நொடியிலேயே அதுவும் படுத்துவிடக்கூடும். 1000 விஏக்குக் குறையாமல் வாங்குங்கள். வீட்டு எர்த்தையும் எலெக்ட்ரீஷியனிடம் சோதிக்கச் சொல்லுங்கள். பாறை நிலத்தில் எர்த் சரியாக இறங்காத வீடுகள் உண்டு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டரில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கணினி வருவதற்கு முன்பே அதைச் சரிசெய்துவிட வேண்டும். வெயில் விஷயத்தில் மட்டும் உங்களுக்குக் கவலை குறைவு. சேலத்தில் சித்திரை மாத மதியம் முன்பக்கம் மூடிய கேபினட் கார்டை வேகவைத்துவிடும். ஏற்காட்டுக் காற்றில் அதே கேபினட் சமாளித்துவிடும்.

ஆகவே என் முடிவு: சேலம் கடையில் பூட்டித் தருவதை வாங்குங்கள். இரண்டு நிலைகளில் மட்டும் இதை மாற்றிச் சொல்வேன். வீட்டில் யாருக்கும் ஸ்குரு டிரைவரைத் தொட விருப்பமில்லை, கார்டு மாற்றும் எண்ணமும் இல்லை, உங்கள் பின்கோடுக்கு ஆன்சைட் உண்டு என்று எழுத்தில் பதிலும் வந்துவிட்டது என்றால், மூன்று வருட நீட்டிப்போடு பிராண்டட்டே நிம்மதி. இன்னொன்று விலை. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. முன்கூட்டியே மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களின் பழைய சரக்கு அந்நேரத்தில் மலிவாக அமையலாம். நீங்கள் வாங்கும் வாரத்தில் பிராண்டட் விலை பதினைந்து இருபதாயிரம் குறைவாக இருந்து, திறந்து பார்த்ததில் 24 பின் போர்டும் இருந்தால், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் பூட்டியதை மேலே கொண்டுவரும்போது ஒரு கவனம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பெட்டி ஆடிக்கொண்டே வரும். கார்டின் எடை முழுவதும் ஒரு மெல்லிய ஸ்லாட்டில் தொங்குகிறது. ஸ்லாட் உடைந்தால் அதற்கும் வாரண்டி இல்லை. கடையில் ஓட்டிக் காட்டிய பிறகு கார்டைக் கழற்றி அதன் சொந்தப் பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். கேபினட்டை மதர்போர்டு அடிப்பக்கம் கிடையாக இருக்கும்படி படுக்கவைத்து, பின்சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டுங்கள். வீட்டில் கார்டைச் செருகும்போது ஸ்லாட்டின் நுனிக் கொக்கி ‘டிக்’ என்று விழ வேண்டும். மின் இணைப்பு முழுதாக உள்ளே போயிருக்க வேண்டும். மானிட்டர் கேபிளைப் போர்டில் செருகாமல் கார்டில் செருகுங்கள். ஏஎம்5 போர்டுகள் புது ரேமோடு முதல்முறை எழும்போதும், பயாஸ் மேம்படுத்திய பிறகும், ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் இருண்ட திரையோடு நிற்கும். டிராம் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பயந்து சுவிட்சை அணைத்துவிடாமல், அது தானாக எழும்வரை விட்டுவிடச் சொல்லுங்கள் தம்பியிடம்.